நாற்பத்தொன்றாவது சாக்கு

மேடத்தின் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்குச் சண்டை நிச்சயம். பீரோவைக் குடைவார்கள், மெத்தையைப் புரட்டுவார்கள், புருஷன் பெண்டாட்டியைக் கேட்பான், பெண்டாட்டி புருஷனைக் கேட்பாள், கடைசியில் இருவரும் ஒற்றுமையாகச் சேர்ந்து மேடத்தைத் திட்டுவார்கள். வருஷத்தில் ஒரு தடவையாவது குடும்பத்தை ஒன்று சேர்த்து வைக்கிறோமே என்று மேடம் சொல்வார். சிரிக்காமல்தான் சொல்வார்.

மேடம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிற தணிக்கையாளர். ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை. உள்ளறையில் அவர், வெளியறையில் நான். நடுவில் கதவு இருந்தது. திறக்கவும் மூடவும் நேரம் போகிறது என்று நான் சேர்ந்த வருஷமே கழற்றிவிட்டார். அதனால் நான் என் மேஜையில் பெருமூச்சு விட்டால்கூட "என்ன தப்பு பண்ணுனே?" என்று அங்கிருந்து கேட்பார். பதினேழு வருஷமாகக் கேட்கிறார். பெரும்பாலும் ஏதாவது தப்பு பண்ணியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

மின்னஞ்சல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே இரண்டு வரி மரியாதை. அதற்குக் கீழே பட்டியல்: எந்தக் காகிதம் வந்தது, எது வரவில்லை, வராதது யாரிடம் கிடைக்கும். கடைசியில் கெடு. அரசாங்கத்தின் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. மேடத்தின் கடைசி நாள் இருபது. நடுவில் உள்ள பதினொரு நாள் எதற்கென்று கேட்டால், "உங்க காகிதத்துல இருக்கற தப்பை நீங்க ஒத்துக்கறதுக்கு" என்பார்.

அவருக்கு இந்தக் கறார் பிறவியிலேயே வந்ததில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருஷம், ஒரு துணிக்கடைக்காரர் "வட்டி வருமானமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நம்புங்க" என்றாராம். நம்பினார். அடுத்த வருஷம் நோட்டீஸ் வந்தது. நான்கு வைப்புநிதிக் கணக்கு, நான்கு வங்கியில். துணிக்கடைக்காரர் விசாரணை அறையில் அப்பாவி முகத்தோடு, "எனக்கென்ன சார் தெரியும், எல்லாம் அவங்கதான் பாத்தாங்க" என்று மேடத்தைக் கைகாட்டினார். அன்றிலிருந்து காகிதம் இல்லாமல் ஓர் எண்கூட எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போனதில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கணக்கும் எங்கள் தவறால் தாமதமானதும் இல்லை.

அந்தக் கதையின் மிச்சமாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். சாக்குப் புத்தகம் என்று பெயர். வாடிக்கையாளர் சொல்லும் சாக்கு புதியதாக இருந்தால் மட்டும் அதில் ஏறும். எண், சாக்கு, சொன்னவரின் கோப்பு எண், தேதி. பழைய சாக்கு என்றால் எழுத மாட்டார். தொலைபேசியில் எண்ணை மட்டும் சொல்வார். ஒன்றாம் எண், நாளைக்குக் கண்டிப்பாக. மூன்று, நான் பார்த்துக்கொள்கிறேன். ஏழு, ஸ்கேனர் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு, பீரோ சாவியை மாமியார் ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். பத்தொன்பது, ஏற்கெனவே அனுப்பிவிட்டேனே. இருபத்தெட்டு, வீடு மாறினோம், எல்லாம் மூட்டையில் இருக்கிறது. இதைச் சொன்ன பல் டாக்டர் ஆறு வருஷமாக வீடு மாறிக்கொண்டே இருக்கிறார். இருபத்தாறு வருஷத்தில் நாற்பது சாக்குதான் சேர்ந்திருந்தது. மனுஷனுக்குக் கற்பனை இவ்வளவுதான் என்பது மேடத்தின் வருத்தம்.

அந்த நாற்பதில் பதினான்கு ஒரே கோப்பு எண்ணில் இருந்தது. அது அவருடைய வீட்டுக்காரர் கோப்பு.

அவரை நாங்கள் டிரைவிங் சார் என்போம். இரண்டு கார் வைத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பயந்து நடுங்குகிறவர்களுக்கு அவரைப்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது; எனக்கே அவர்தான் கற்றுக்கொடுத்தார், இரண்டு சுவர் போனது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ரசீது என்றால் அவருக்கு ஆகாது. பெட்ரோல் ரசீது, டயர் ரசீது, காப்பீட்டுக் காகிதம், மாணவர்களின் கட்டண ரசீதுப் புத்தகம், எல்லாமே காரின் முன்பக்கப் பெட்டிக்குள் போகும். அங்கேயே வெயிலில் வெந்து எழுத்து மறையும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, மேடம் அவருக்கும் மற்றவர்களுக்கு அனுப்பும் அதே மின்னஞ்சலைத்தான் அனுப்புவார். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு" என்று ஆரம்பிக்கும். அவர் அதை அச்செடுத்து, எங்கள் மாடிப்படி ஏறி வந்து, வெளியறையில் என் எதிரே உட்கார்ந்து, "உங்க மேடத்தைப் பாக்க அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்குமா?" என்பார். உள்ளேயிருந்து, "காகிதம் கொண்டுவந்தா கிடைக்கும்" என்று பதில் வரும். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். வருஷா வருஷம் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம்தான் அவர் கணக்கு ஏறும். இருபதாம் தேதி கெடு ஊருக்கெல்லாம் உண்டு, அவருக்கு மட்டும் கிடையாது. கேட்டால் மேடம், "அவர் ஃபீஸ் குடுக்காத கிளையண்ட், மரியாதையும் அவ்வளவுதான்" என்பார்.

போன கணக்காண்டு முடிய நான்கு மாதம் இருந்தபோது டிரைவிங் சார் போய்விட்டார். காரில் இல்லை, சாலையில் இல்லை. வீட்டில், காலை நேரம், செருப்பு மாட்டக் குனிந்தவர். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாவது வாரம் மேடம் அலுவலகத்துக்கு வந்தார், உட்கார்ந்தார், மின்சாரக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டியாகிவிட்டது என்று சொன்னேன்.

இந்த வருஷம் தாக்கல் காலம் வந்தது. மேடம் முன்னைவிட வேகம். எட்டாம் தேதி நிலுவைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது, ஒரே ஒரு கோப்பைத் தவிர. இறந்தவருக்கு வரி கிடையாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் அவ்வளவு இளகிய மனசு படைத்தது இல்லை. இறந்த நாள் வரை வந்த வருமானத்துக்கு அவர் பேரிலேயே கணக்குக் கொடுக்க வேண்டும், வாரிசு அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முதலில் துறையின் இணையதளத்தில் வாரிசு தன்னைப் பிரதிநிதியாகப் பதிவு செய்ய வேண்டும், இறப்புச் சான்றிதழை ஏற்ற வேண்டும், அங்கே ஓர் அதிகாரி அதைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவருக்கு மனசு வர ஒரு வாரமாவது ஆகும். கடைசி நாளில் ஓடிப்போய்ச் செய்கிற வேலை இல்லை. இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவரே மேடம்தான்.

கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

மூன்றாம் எண் சாக்கு. சொல்லிவிட்டு அவரும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். நான் பார்க்காததுபோல் குனிந்துகொண்டேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. ஊரில் இருக்கிற விதவைகளையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "சர்ட்டிபிகேட் குடுங்கம்மா" என்று இவரே கேட்டிருக்கிறார். தனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? அன்றைக்கு மத்தியானமே அலுவலகத்தின் வழக்கமான மின்னஞ்சலை எடுத்தேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு, அவர் எழுதிவைத்த வார்த்தைகளிலேயே, ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பினேன்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

காலஞ்சென்ற தங்கள் கணவரின் வருமான வரிக் கணக்கு தொடர்பாகக் கீழ்க்கண்டவை இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

1. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்: பிரதிநிதியாகப் பதிவு செய்ய.
2. அவருடைய வரி அடையாள அட்டையின் நகல், தங்களுடையதன் நகல்.
3. வங்கிக் கணக்கு விவரமும் வட்டிச் சான்றும்: ஆண்டின் முதல் நாளிலிருந்து இறந்த தேதி வரை தனியாக, அதற்குப் பிந்தையது தனியாக. பிந்தைய வட்டி தங்கள் கணக்கில் சேரும்.
4. பயிற்சிப் பள்ளியின் கட்டண ரசீதுப் புத்தகம்.
5. எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்பீட்டுச் செலவுகளின் ரசீதுகள்.

இவை இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கிடைக்க வேண்டும். அதற்குப் பின் வந்தால் உரிய நாளுக்குள் தாக்கல் செய்ய இயலாது. தாமதக் கட்டணத்துக்கு அலுவலகம் பொறுப்பாகாது. ஊகத்தின் பேரில் எந்த எண்ணும் நிரப்பப்படாது."

உள்ளறையில் கணினி டிங் என்றது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஐந்து மணிக்குப் பை எடுத்துக்கொண்டு என் மேஜையைக் கடந்தவர், "காற்புள்ளி ஒண்ணு விட்டுப்போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்துப் பதில்கள் வர ஆரம்பித்தன, மின்னஞ்சலாகவே. பதினோராம் தேதி, வீட்டில் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்றார். அலுவலகத்தில் இரண்டு ஸ்கேனர் இருக்கிறது, ஒன்று அவர் முழங்கையில் இடிக்கிற தூரத்தில். "ஏழு" என்று பதில் அனுப்பினேன். பதினான்காம் தேதி, நாளைக்குக் கண்டிப்பாக. "ஒன்று" என்று அனுப்பினேன். பதினாறாம் தேதி, ஏற்கெனவே உன் மேஜையில் வைத்துவிட்டேனே என்று வந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாக்கைச் சொல்கிறவர்கள்தான் மிக மோசம் என்று சாக்குப் புத்தகத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருப்பவர் அவர். பத்தொன்பது என்று எழுதிவிட்டு, அழித்துவிட்டு, பதிலே போடாமல் விட்டேன்.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் என்னை உள்ளே கூப்பிட்டார். திரையில் டிரைவிங் சாரின் கணக்கு முழுசாக நிரம்பியிருந்தது. வருமானம், செலவு, கார்களின் தேய்மானம், வட்டி, எல்லாம். அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு, அவரே உள்ளே நுழைந்ததுபோல், அவரே கையெழுத்துப் போடுவதுபோல். ரசீதுகள் எங்கே என்றேன். போன வருஷத்தை ஒட்டித்தான், கிட்டத்தட்ட சரியாக இருக்கும் என்றார். பதினேழு வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'கிட்டத்தட்ட' வந்து நான் கேட்டதில்லை.

மேஜையில் ஒரு கைப்பேசி இருந்தது. ஓரத்தில் விரிசல் விட்ட திரை, சாவிக்கொத்துப் படம் போட்ட உறை. டிரைவிங் சாருடையது. முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது. எட்டு மாதமாக, மாதம் தவறாமல் அதற்குப் பணம் கட்டி உயிரோடு வைத்திருந்திருக்கிறார்.

"நீ சப்மிட் அழுத்து. ஓ.டி.பி. இதுல வரும், நான் படிக்கறேன்."

இதை ஒரு வாடிக்கையாளர் செய்திருந்தால் மேடம் கோப்பைத் தூக்கி மாடிப்படியில் போட்டிருப்பார். செத்தவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போட்டதாகக் கணக்குக் கொடுப்பது பொய்ச் சத்தியம். தெரிந்தே செய்த தணிக்கையாளருக்கு உரிமம் போகும், அதோடு அந்த இரண்டு அறையும், இருபத்தாறு வருஷமும் போகும். அதைவிட, நாளைக்கு ஐந்து மணிக்குள் உண்மையான காகிதம் வராவிட்டால் ஒப்புதல் வாங்க நாள் இருக்காது. உரிய தேதிக்குள் அந்தக் கணக்கு ஏறவே ஏறாது. இரண்டில் எது நடந்தாலும் அவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"அழுத்த மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"நேத்து செத்துப்போன புருஷன் கணக்கோட வந்த டெய்லரம்மா இப்படிக் கேட்டிருந்தா நீங்க அழுத்தியிருப்பீங்களா?"

"அவங்க கிளையண்ட்."

"நீங்களும் கிளையண்ட்தான் மேடம். பதில் போட்டீங்கல்ல, மூணு தடவை."

அவர் என்னை முறைத்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயம். பிறகு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ பேசுகிறதுபோல் சொன்னார்.

"அந்த சர்ட்டிபிகேட்டை ஏத்துனா, கவர்மெண்டு ரெக்கார்டுல அவர் பேருக்குப் பக்கத்துல 'காலமானார்'னு வந்துரும். எத்தனை பேருக்கு நானே ஏத்தியிருக்கேன். ஒரு நிமிஷ வேலை. எனக்குக் கை வரல."

இதற்குப் புத்தகத்தில் எண் இல்லை. "நாளைக்கு அஞ்சு மணி மேடம்" என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்தேன். என் கல்நெஞ்சை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மேடம் வந்தார். உட்காரவில்லை. ஒரு கார்ச் சாவியை என் முன்னால் போட்டு, வா என்றார். வண்டி அவர் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. நான் இரண்டு சுவரை இடித்த அதே வண்டி. அவர் வெளியே நின்றுகொண்டார், நான்தான் உள்ளே ஏறி முன்பெட்டியைத் திறந்தேன். குபுகுபுவென்று காகிதம் மடியில் கொட்டியது. பெட்ரோல் ரசீதுகள், டயர்க்கடை ரசீது, காப்பீட்டுக் காகிதம், கட்டண ரசீதுப் புத்தகம், கண்ணாடி துடைக்கிற துணி, உருகி ஒட்டிக்கொண்ட இரண்டு மிட்டாய். முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கிற பலகையில் நான்காக மடித்து ஒரு தாள் செருகியிருந்தது. மேடம் அனுப்பிய போன வருஷத்து மின்னஞ்சல். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பச்சை மையில் அழகாக டிக் அடித்திருந்தார், கெடுவுக்குள் காகிதம் ஒன்றுகூடக் கொண்டுவந்து தராமலேயே.

அதை ஜன்னல் வழியாக நீட்டினேன். மேடம் வாங்கிப் பார்த்தார். "இந்த மனுஷனுக்கு டிக் அடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பு" என்றார். பிறகு காரின் கூரையில் கையை ஊன்றி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நன்றாக அழுதார். நான் உள்ளே உட்கார்ந்து ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய, எனக்குத் தெரிந்தது அதுதான்.

வங்கிக்குப் போய்க் கணக்கு விவரத்தை இரண்டாகப் பிரித்து வாங்கிவர நாலு மணி ஆனது. நாலே முக்காலுக்கு மேடம் தன் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேஜையில் வைத்தார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இரண்டு பேருடைய அடையாள அட்டை நகல்கள். ஒரு மடிப்பு இல்லை, ஒரு முனை சுருளவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே வாங்கியிருக்கிறார். வாங்குவதில் ஒரு நாள் தாமதிக்கவில்லை. தினமும் அந்தப் பையோடு என் மேஜையைக் கடந்துதான் போய்வந்திருக்கிறார். ஏற்கெனவே உன் மேஜையில் வைத்துவிட்டேனே என்று அவர் எழுதியது முழுப் பொய்யும் இல்லைபோல.

பதிவை அவரே செய்தார். சான்றிதழை ஏற்றும் பொத்தானை அழுத்துகையில் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், அவ்வளவுதான். இருபத்தாறாம் தேதி ஒப்புதல் வந்தது. ரசீதுகளை வைத்துக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட என்று அவர் நிரப்பிய செலவு ஏழாயிரம் பிசகியிருந்தது. அதைச் சுட்டிக்காட்ட எனக்கு ஆசைதான், வாயை மூடிக்கொண்டேன். இருபத்தேழாம் தேதி காலை தாக்கல் செய்தோம். ஓ.டி.பி. இந்தத் தடவை மேடத்தின் கைப்பேசிக்கு வந்தது.

ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்தேன். மேலே டிரைவிங் சாரின் பெயர், பெயருக்கு அடுத்து அந்தச் சொல், கீழே பிரதிநிதி என்று மேடத்தின் பெயர். அதற்கும் கீழே, உரிய தேதிக்கு நான்கு நாள் முன்னதாகத் தாக்கல். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, இன்னைக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்காரு" என்றார்.

பிறகு சாக்குப் புத்தகத்தைக் கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நாற்பதுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, நாற்பத்தொன்று என்று எண் போட்டார். கை வரவில்லை, என்று எழுதினார். கோப்பு எண் இருக்கும் இடத்தில் தன் கோப்பு எண்ணைப் போட்டு, தேதி போட்டு, மை காய ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இதை யாராவது சொன்னா, நம்பர் சொல்லாதே. உக்காரச் சொல்லு."